வலியில் எகிறும் இரத்த அழுத்தம்: உடனே இறக்க வேண்டுமா?

கிள்ளானில் ஐம்பது வயது லாரி ஓட்டுநர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சிறுநீரகக் கல் வலியில் இடுப்பைப் பிடித்தபடி நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு வருகிறார். தாதி பார்த்த இரத்த அழுத்தம் 196/104. மனைவி பதறுகிறார்: "டாக்டர், முதல்ல பிரஷரை இறக்குங்க, பக்கவாதம் வந்துடப் போகுது!"

மருத்துவரோ வலிக்குத்தான் ஊசி போடுகிறார். முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 158/92. அழுத்தத்திற்கென்று ஒரு மாத்திரைகூடக் கொடுக்கவில்லை.

வலியும் பயமும் அட்ரினலினைச் சுரக்க வைக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, அளவு ஏறுகிறது. இதற்கு அவசரப் பிரிவுதான் வேண்டும் என்பதில்லை. பிரிக்பீல்ட்சில் வண்டி நிறுத்த இடம் தேடி அலைந்து, மாடிப்படி ஏறி, நெரிசலான கிளினிக்கில் சிறுநீரை அடக்கிக்கொண்டு காத்திருந்தவருக்கும் ஏறும். 1983-இல் இத்தாலியின் மான்சியா குழுவினர், மருத்துவர் அருகில் வந்த சில நிமிடங்களிலேயே நோயாளிகளின் மேல் அளவு சராசரியாக 27 புள்ளி வரை ஏறியதைப் பதிவு செய்தனர்.

அப்படியானால் உடனடி சிகிச்சை யாருக்கு? எண் மட்டும் அதைச் சொல்லாது. மூளை, இதயம், கண், சிறுநீரகம் ஆகியவற்றில் பாதிப்பு தொடங்கிவிட்டதா என்றுதான் மருத்துவர் தேடுகிறார். முகம் கோணுதல், பேச்சுக் குழறல், குழப்பம், பார்வை மங்கல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி இருந்தால் 999-ஐ அழைக்க வேண்டும். முதுகைக் கிழிப்பது போன்ற திடீர் வலியும் அப்படித்தான், மகாதமனி கிழிந்திருக்கலாம். அதை "வலியால் ஏறிய பிரஷர்" என்று தள்ளிவிடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் இந்தக் காத்திருப்பு பொருந்தாது.

அறிகுறி இல்லாதவருக்கு அவசரமாக இறக்குவதில்தான் ஆபத்து. முன்பெல்லாம் நிஃபெடிபின் கேப்சூலைக் கடித்து நாக்கின் அடியில் வைக்கச் சொல்வார்கள். அளவு மளமளவென்று சரிந்ததால் சிலருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வந்தன. நீண்ட காலம் உயர் அழுத்தத்திற்குப் பழகிய மூளைக்குத் திடீரென இரத்த ஓட்டம் குறைந்தால் தாங்காது. 1996-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் கிராஸ்மனும் மெசர்லியும் இந்தப் பழக்கத்தை நிறுத்தச் சொல்லி எழுதினர். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கி விழுங்கும் நம்மவர் வழக்கமும் இதே ரகம்தான்!

ஓட்டுநருக்கு 158 வந்ததும் கதை முடிந்துவிடவில்லை. வலி அடங்கிய பின், வீட்டில் ஏழு நாள் காலையும் மாலையும் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, பேசாமல், இரண்டிரண்டு முறை அளந்து எழுத வேண்டும். முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால், அவருக்கு உண்மையிலேயே உயர் இரத்த அழுத்தம் இருக்கிறது. அந்தத் தாளோடுதான் அவர் கிளினிக்கிற்குப் போக வேண்டும்.