மூன்று மாத்திரைக்கும் அடங்காத ரத்த அழுத்தம்

வெவ்வேறு விதமாக வேலை செய்யும் மூன்று மருந்துகளை முழு அளவில் எடுத்துக்கொண்டும் ரத்த அழுத்தம் 140/90-க்குக் கீழே இறங்காவிட்டால், அதை மருந்துக்கு அடங்காத ரத்த அழுத்தம் என்கிறார்கள். அமெரிக்க இதயக் கழகம் இந்த எல்லையை 130/80 என்று இன்னும் கீழே வைத்திருக்கிறது. மூன்று மருந்துகளில் ஒன்று ரத்தக்குழாயைத் தளர்த்தும் அம்லோடிபின் போன்றது. இன்னொன்று டெல்மிசார்டன், எனலாப்ரில் வகையைச் சேர்ந்தது. மூன்றாவது, உடம்பில் தேங்கும் உப்பையும் நீரையும் சிறுநீரோடு வெளியேற்றும் ‘நீர் மாத்திரை’. இந்த மூன்றாவது இல்லாமல் எத்தனை மருந்து கொடுத்திருந்தாலும், அந்த அழுத்தத்தை அடங்காதது என்று சொல்ல முடியாது. நீர் மாத்திரையே எழுதப்படாத சீட்டுகள் நிறையவே உண்டு.

ஓர் உதாரணம். கடையில் கணக்கு எழுதும் 54 வயதுக்காரர் ஒருவர். எடை கூடுதல், முழங்கால் வலி உண்டு. டெல்மிசார்டன் 80 மில்லிகிராம், அம்லோடிபின் 10, குளோர்தாலிடோன் 12.5 என்று மூன்று மாத்திரைகள் அவருக்கு எழுதப்பட்டிருக்கின்றன. மருத்துவமனையில் பார்த்தால் 168/102. நான்காவது மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவதுதான் எளிது. ஆனால் அதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன.

முதலில், அந்த 168 உண்மைதானா? பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றி அளந்தால் அழுத்தம் கூடுதலாகவே காட்டும். படியேறி வந்த வேகத்தில் அளந்தாலும், பேசிக்கொண்டே அளந்தாலும் அப்படித்தான். மருத்துவரைக் கண்டதும் அழுத்தம் ஏறிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் அவரை ஒரு வாரம் வீட்டில் காலையிலும் மாலையிலும், ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்தபின் அளக்கச் சொல்கிறார்கள். கைக்கு ஏற்ற பெரிய பட்டையில் அளந்தபோது சராசரி 154/95. வீட்டு அளவில் 135/85-க்கு மேல் போனாலே கூடுதல்தான். ஆக, மருத்துவமனையில் தெரிந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் அழுத்தம் கூடுதலாக இருப்பது நிஜம்.

அடுத்த கேள்வியைக் கேட்பதுதான் கடினம்: மாத்திரைகள் வயிற்றுக்குள் போகின்றனவா? ‘ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?’ என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். திட்டு விழுமோ என்ற பயம் ஒன்று. மறந்த நாட்கள் நினைவில் நிற்காதது இன்னொன்று. சிறுநீரில் மருந்தின் தடயம் இருக்கிறதா என்று பிரிட்டனிலும் செக் குடியரசிலும் ரத்த அழுத்த நோயாளிகளிடம் ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்தபோது, பிரிட்டனில் பத்தில் நான்கு பேரும் செக் குடியரசில் பத்தில் மூன்று பேரும் எழுதிக்கொடுத்த மருந்துகளில் சிலவற்றையோ எல்லாவற்றையுமோ எடுத்திருக்கவில்லை. மாத்திரைகளின் எண்ணிக்கை கூடக்கூட விட்டுவிடுவதும் கூடியது. அடங்காத அழுத்தத்துக்கு இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பதே சில சமயம் நிலைமையை மோசமாக்கும் என்பது இதிலிருந்து விளங்கும்.

இந்தச் சோதனை எல்லா ஊரிலும் கிடைக்காது. ஆனால் கேட்கும் முறையை மாற்றினாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும். ‘நாள் தவறுவது எல்லாருக்கும் நடப்பதுதான். போன இரண்டு வாரத்தில் எத்தனை நாள் விட்டுப்போனது? எந்த மாத்திரை?’ என்று குற்றம் சாட்டாமல் கேட்க வேண்டும். கடை ரசீதுகளைப் பார்க்கலாம். நம்முடைய கணக்கர் மூன்று மாதத்தில் மற்ற மாத்திரைகளை முழுதாக வாங்கியிருக்கிறார். குளோர்தாலிடோன் மட்டும் 90-க்குப் பதில் 40 வாங்கியிருக்கிறார். காலை பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போக வேண்டும், வழியில் கழிப்பறை கிடையாது என்பதால் வேலை நாட்களில் அதைத் தொடுவதே இல்லை. இதில் அலட்சியம் எதுவும் இல்லை. தீர்வும் எளிதாகவே கிடைக்கிறது: குளோர்தாலிடோன் நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்து; அலுவலகம் போய்ச் சேர்ந்தபின் எடுத்துக்கொண்டாலும் பலன் குறையாது. பிறகு மூன்று மருந்தும் ஒன்றாகச் சேர்ந்த ஒரே மாத்திரைக்கு மாற்றுகிறார்கள். ஒன்றை மட்டும் விட்டுவிட இனி வழியில்லை.

சந்தேகம் தீராவிட்டால் இன்னொரு வழி உண்டு. காலையில் மருத்துவமனைக்கு வரச் சொல்லி, செவிலியர் பார்க்க எல்லா மாத்திரைகளையும் விழுங்கச் சொல்லி, சில மணி நேரம் அழுத்தத்தை அளந்துகொண்டே இருப்பார்கள். நெடுநாள் மருந்தே எடுக்காதவருக்கு அப்போது அழுத்தம் திடீரென்று சரிந்து மயக்கம் வரலாம். அதனால்தான் இதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. எடுக்காத மருந்துகளின் மேல் மேலும் மருந்து எழுதிக்கொண்டே போவதிலும் இதே ஆபத்து இருக்கிறது. வேறு ஏதோ நோய்க்காக அவர் படுக்கையில் சேர்ந்து, சீட்டில் உள்ள ஐந்து மருந்துகளையும் செவிலியர் ஒழுங்காகக் கொடுத்தால் அழுத்தம் பாதாளத்துக்குப் போய்விடும்.

மாத்திரையை ஒழுங்காக எடுக்கத் தொடங்கி ஆறு வாரம் கழித்துக் கணக்கரின் வீட்டு அளவு 146/91. குறைந்திருக்கிறது, போதவில்லை. அழுத்தத்தை ஏற்றும் வேறு பொருள்களைத் தேடும்போது, மூட்டு வலிக்காக அவர் வாரத்தில் நான்கைந்து நாள் டைக்ளோஃபினாக் வாங்கிச் சாப்பிடுவது தெரியவருகிறது. இந்த வகை வலி மாத்திரைகள் உப்பைச் சிறுநீரகத்தில் தேக்கி வைத்து, அழுத்த மருந்துகளின் வேலையைக் கெடுக்கும். அதை நிறுத்தச் சொல்கிறார்கள். ஊறுகாய், கருவாடு, அப்பளத்தையும் குறைக்கச் சொல்கிறார்கள்.

மூன்றாவது கேள்விக்குப் பதில் அவருடைய மனைவியிடம் இருக்கிறது. இரவில் பலத்த குறட்டை. நடுவில் சத்தம் நின்று மூச்சே இல்லாததுபோல் இருந்து, பிறகு திணறலோடு விழிப்பு. பகலில் கணக்குப் புத்தகத்தின் முன்னாலேயே தூக்கம். இதுதான் உறக்க மூச்சுத்தடை. தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுக்குழல் அடைபடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை பதறி எழுப்பும்போது அழுத்தம் சட்டென்று ஏறுகிறது. இது ஓர் இரவில் நூற்றுக்கணக்கான முறை நடக்கலாம். சாதாரணமாக உறக்கத்தில் அழுத்தம் 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். இவர்களுக்கு இறங்குவதில்லை, பதற்றத்தில் சுரந்த ஹார்மோன்கள் பகலிலும் அதை உயரத்திலேயே பிடித்து வைக்கின்றன. பிரேசிலில் மருந்துக்கு அடங்காத அழுத்தமுள்ள 125 பேரைச் சோதித்ததில் 64 சதவீதம் பேருக்கு மூச்சுத்தடை இருந்தது. வேறெந்தக் காரணமும் இதன் அருகில்கூட வரவில்லை.

விரலிலும் மூக்கிலும் மார்பிலும் உணரிகளைக் கட்டிக்கொண்டு வீட்டிலேயே ஓர் இரவு தூங்கினால், மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது என்று தெரிந்துவிடும். 5-க்கு மேல் போனால் நோய். 30-க்கு மேல் கடுமை. கணக்கருக்கு 34. முகமூடி வழியே காற்றை அழுத்தத்தோடு செலுத்தி மூச்சுக்குழலைத் திறந்து வைக்கும் சீபேப் கருவி தரப்படுகிறது. அதிலிருந்து எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதை நேராகச் சொல்லிவிட வேண்டும். ஸ்பெயினில் இத்தகைய 194 பேரிடம் நடந்த ஆய்வில் 12 வாரத்தில் 24 மணி நேரச் சராசரி அழுத்தம் 3 புள்ளி அளவே குறைந்தது. கருவியை அதிக நேரம் மாட்டியவர்களுக்குப் பலனும் அதிகம். இரவில் நான்கு மணி நேரத்துக்குக் குறைந்தால் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. பகல் தூக்கம் போகும், தெம்பு வரும் என்பதற்காகவே அதைப் பயன்படுத்தலாம். ஆனால் அழுத்தத்துக்கு அது மட்டுமே போதுமான வைத்தியம் அல்ல.

இத்தனைக்கும் பிறகுதான் நான்காவது மருந்தின் முறை வருகிறது. எது நான்காவது என்ற கேள்வி நெடுங்காலம் அவரவர் பழக்கத்தைப் பொறுத்தே இருந்தது. 2015-இல் பிரிட்டனில் வெளிவந்த பாத்வே-2 ஆய்வு அதற்கு விடை தந்தது. மூன்று மருந்துக்கும் அடங்காத ஒவ்வொருவரும் ஸ்பைரோனோலாக்டோன், பைசோபுரோலால், டாக்ஸசோசின், வெற்று மாத்திரை ஆகிய நான்கையும் 12 வாரம் வீதம் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டார்கள். வீட்டு அளவில் மேல் எண்ணை ஸ்பைரோனோலாக்டோன், வெற்று மாத்திரையைவிட 8.7 புள்ளி கூடுதலாகக் குறைத்தது. மற்ற இரண்டு மருந்துகளையும்விட 4 புள்ளிக்கு மேல் முன்னால் நின்றது. மாத்திரையை ஒழுங்காக எடுக்காதவர்கள் இந்த ஆய்வில் முதலிலேயே விலக்கப்பட்டிருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

காரணம் அட்ரினல் சுரப்பியில் இருக்கிறது. அது சுரக்கும் அல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன் சிறுநீரகத்தில் மினரலோகார்ட்டிகாய்டு ஏற்பியில் போய் அமர்ந்து, ‘உப்பை வைத்துக்கொள், பொட்டாசியத்தை வெளியேற்று’ என்று கட்டளையிடுகிறது. அடங்காத அழுத்தத்தின் அடியில் பெரும்பாலும் இப்படித் தேங்கிய உப்பும் நீரும்தான் இருக்கின்றன. ஸ்பைரோனோலாக்டோன் அந்த இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்ள, கட்டளை சிறுநீரகத்தை எட்டுவதில்லை. மூச்சுத்தடைக்கும் இதில் ஒரு பங்குண்டு: பகலில் காலில் தேங்கிய நீர் படுத்ததும் கழுத்துக்கு ஏறி மூச்சுக்குழலை நெருக்குகிறது. சிறிய ஆய்வுகளில் இந்த மருந்து மூச்சுத்தடையையும் குறைத்திருக்கிறது. சிலருக்கு அட்ரினல் சுரப்பியில் கட்டி இருந்து அல்டோஸ்டீரோன் அளவுக்கு மீறிச் சுரக்கலாம். அதைக் கண்டறியும் ரத்தச் சோதனையை இந்த மருந்தைத் தொடங்கும் முன்பே செய்துவிடுவது நல்லது. பிறகு செய்தால் மருந்து முடிவைக் குழப்பும்.

கணக்கருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் 4.1, சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது. பொட்டாசியம் 4.5-க்கு மேல் இருந்தாலோ சிறுநீரகம் பழுதுபட்டிருந்தாலோ வேறு மருந்தை யோசிக்க வேண்டியிருக்கும். தினமும் 25 மில்லிகிராமில் தொடங்குகிறார்கள். ஒரு வாரத்தில் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்க்கப்படுகின்றன: 4.6. நான்காம் வாரம் 4.7, வீட்டு அழுத்தம் 132/82. இந்த மருந்தின் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

மூன்றாவது மாதம் பொட்டாசியம் 5.7 என்று வருகிறது. ஊசி குத்தும்போது ரத்த அணுக்கள் உடைந்தாலும் இந்த எண் பொய்யாக ஏறலாம் என்பதால் அன்றே மறுபடி சோதிக்கிறார்கள், அதே எண். கேட்டால், முழங்கால் வலி தாங்காமல் பழைய டைக்ளோஃபினாக்கை மீண்டும் தொடங்கியிருக்கிறார். பிரஷருக்கு நல்லது என்று கடையில் சொன்ன ‘சோடியம் குறைந்த உப்பையும்’ வாங்கிச் சமைத்திருக்கிறார். அதில் சோடியத்துக்குப் பதிலாக இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. டெல்மிசார்டனும் தன் பங்குக்குப் பொட்டாசியத்தை உயர்த்தும். பொட்டாசியம் 6-ஐத் தாண்டினால் இதயத்துடிப்பே தடுமாறலாம். அதுவரை உடம்பில் ஒரு அறிகுறியும் தெரியாமலும் இருக்கலாம். வலி மாத்திரையும் அந்த உப்பும் நிறுத்தப்பட்டு, ஸ்பைரோனோலாக்டோன் பாதியாகக் குறைக்கப்படுகிறது. ஒரு வாரத்தில் 4.8.

ஆண்கள் சிலருக்கு மார்பு வீங்கி வலிக்கும். வெட்கப்பட்டு இதை மறைத்து, மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. சொன்னால், அந்தத் தொல்லை மிகக் குறைவாக உள்ள எப்ளெரினோனுக்கு மாற்றிக்கொள்ளலாம். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்து உடம்பில் நீர் வற்றும் நாட்களில் மருந்தை நிறுத்திவைக்க வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்தது இங்கே நினைவுகூரத்தக்கது. இதயச் செயலிழப்பில் ஸ்பைரோனோலாக்டோன் உயிர் காக்கிறது என்ற ஆய்வு 1999-இல் வெளிவந்ததும், முதியவர்களுக்கு அது மளமளவென்று எழுதப்பட்டது. கூடவே, பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையும், அதனால் இறந்தவர்களின் எண்ணிக்கையும் வெகுவாகக் கூடின. ஆய்வில் இருந்தவர்களுக்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை நடந்தது. வெளியே அந்தக் கண்காணிப்பு இல்லை. ஆகவே, பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் இந்த மாத்திரையை மாதாமாதம் வாங்கிக்கொண்டிருப்பவர்கள், கடைசியாகப் பொட்டாசியம் பார்த்து ஆறு மாதம் தாண்டியிருந்தால், அடுத்த அட்டையை வாங்கும் முன் ரத்தம் கொடுத்துவிட்டு வர வேண்டும்.