உங்களுக்குத் தெரியுமா? பிறந்த கன்று விறைத்து நிற்பது ஏன்?

பிறந்து சில நாட்களான ஆட்டுக்குட்டியோ கன்றோ கால் விறைத்து, முதுகு வளைந்து நடக்கிறது. பால் குடிக்க ஆசை இருந்தும் எழுந்து நிற்கத் திணறுகிறது. செலினியமும் வைட்டமின் ஈ-யும் குறைந்தால் வரும் ‘வெண்தசை நோய்’ இப்படித்தான் தெரியும். இறந்த குட்டியை அறுத்துப் பார்த்தால் தொடைச் சதை வேகவைத்த மீன்போல் வெளுத்திருக்கும். இதயத் தசை பாதிக்கப்பட்டால் திடீரென இறந்துவிடும்.

அமெரிக்காவின் ஓரிகான் மாநில ஆய்வாளர்கள் 1958-இல் இதன் காரணத்தைக் காட்டினார்கள். சினை ஆடுகளின் தீவனத்தில் டன்னுக்கு வெறும் 0.1 கிராம் செலினியம் சேர்த்ததும் குட்டிகள் தப்பின.

செலினியம் கருவிலேயே தாயிடமிருந்து குட்டிக்குப் போய்விடும். வைட்டமின் ஈ அப்படி அதிகம் போகாது, சீம்பாலில்தான் கிடைக்கும். பசும்புல்லில் நிறைய இருக்கும் இந்த வைட்டமின், வெயிலில் காய்ந்த வைக்கோலில் மிகக் குறைவு. எனவே நெய்வேலிப் பக்கம் கோடையில் வைக்கோலையே நம்பியிருக்கும் சினை மாட்டுக்குக் கொஞ்சமாவது பசுந்தீவனம் வேண்டும்.

விறைப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. தாடை இறுகினால் அது டெட்டனஸ். மூட்டு வீங்கிச் சுட்டால் மூட்டழற்சி. சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் அளவைப் பார்ப்பார்கள்; தசை சிதைந்தால் அது ஏறும்.

நிலக்கரிச் சாம்பலிலும் செலினியம் உண்டு என்று அதைத் தீவனத்தில் கலக்காதீர்கள். அளவு மீறினால் செலினியம் நஞ்சு. பஞ்சாபின் நவான்ஷகர் பகுதியில் மண்ணில் செலினியம் மிகுந்ததால் மாடுகளின் குளம்பும் கொம்பும் கெட்டிருக்கின்றன. எனவே செலினியம் ஊசியைக் கால்நடை மருத்துவர்தான் எடை பார்த்துப் போட வேண்டும்.