118 ஸ்லைடு, ஒரு தாள்

அக்கா மகள் பி.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு. ஒரு வாரம் முழுக்கத் தொழிலாளர் சந்தை பற்றிய வகுப்பு, மொத்தம் 118 ஸ்லைடு. அத்தனையையும் ஒரே தாளில் சுருக்கிக் கொண்டுவந்து காட்டினாள். மேலே, "குறைந்தபட்சக் கூலியை உயர்த்தினால் வேலை குறையும்" என்றிருந்தது. நாலு வரி தள்ளி, "குறைந்தபட்சக் கூலியை உயர்த்தினால் வேலை கூடும்."

"ரெண்டும் எப்படிம்மா சரியா இருக்கும்?"

"ரெண்டுமே ஸ்லைடுல இருந்துச்சு மாமா."

இருந்தது உண்மைதான். முதல் வரி 20 ஸ்லைடு ஓடும் ஒரு மாதிரியின் முடிவு, இரண்டாவது இன்னொரு மாதிரியின் முடிவு. முடிவுகள் தாளுக்கு வந்துவிட்டன, அவை எந்த எடுகோளை நம்பி நிற்கின்றன என்பது ஸ்லைடிலேயே தங்கிவிட்டது.

எடுகோளைத் தேடுவது கொஞ்சம் சிரமம். "எனக் கொள்வோம்" என்று எழுதியிருந்தால் கண்ணில் படும். பாதி எடுகோள்கள் வரைபடத்துக்குள் ஒளிந்திருக்கும். முதல் மாதிரியில், ஒரு ஆலைக்கு வரும் ஆட்களைக் காட்டும் கோடு தரைக்கு இணையாகப் படுத்திருந்தது. நடப்புக் கூலியைக் கொடுத்தால் எத்தனை ஆள் வேண்டுமானாலும் கிடைப்பார்கள் என்று அதற்குப் பொருள். இரண்டாவதில் அதே கோடு மேல்நோக்கிச் சாய்ந்திருந்தது. அந்த வாரத்தின் சண்டை முழுவதும் அந்தச் சாய்வில்தான்.

எல்லா எடுகோளையும் தாளில் ஏற்றவும் முடியாது. நான் வைத்துக்கொள்ளும் சோதனை ஒன்றுதான்: எடுகோளைத் திருப்பிப் போட்டுப் பார், முடிவு மாறினால் எழுது, மாறாவிட்டால் விடு. இவள் "நிறைவுப் போட்டி" என்று ஒரே சொல்லில் எழுதியிருந்தாள். அது பல எடுகோள்களைக் கட்டிய மூட்டை. தொழிலாளர் எல்லோரும் ஒரே திறமை உள்ளவர்கள் என்பதும் அதில் உண்டு. திறமை கொஞ்சம் முன்பின் இருந்தாலும் கூலி உயர்வு வேலையைக் குறைக்கும் என்ற முடிவு மாறாது. ஆனால் "நடப்புக் கூலிக்கு எத்தனை ஆளும் கிடைக்கும்" என்பதை உருவினால் மாதிரியே சரிந்துவிடும்.

எப்படிச் சரிகிறது என்று தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டோம். ஊரில் ஒரே ஆலை. ஒவ்வொரு ஆளின் ஒரு நாள் வேலையும் முதலாளிக்கு 600 ரூபாய் பெறும். 400 ரூபாய் கூலிக்கு நாலு பேர் வருவார்கள், ஐந்தாவது ஆள் வேண்டுமென்றால் 450 தர வேண்டும். ஒருவருக்கு மட்டும் கூட்டித் தந்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஐந்து பேருக்கும் 450. மொத்தச் செலவு 1,600-லிருந்து 2,250 ஆகிறது. ஆக, ஐந்தாவது ஆளால் கூடும் செலவு 450 அல்ல, 650. அவர் ஈட்டித் தருவதோ 600. முதலாளி நாலு பேரோடு நிறுத்திக்கொள்வார்.

இப்போது அரசு குறைந்தபட்சக் கூலி 450 என்கிறது. நாலு பேருக்கும் அதை எப்படியும் கொடுத்தாக வேண்டும். ஐந்தாவது ஆளுக்கு ஆகும் கூடுதல் செலவு வெறும் 450. வேலை கொடுக்கிறார். கூலியும் கூடியது, வேலையும் கூடியது. அதே அரசு 650 என்று வைத்தால் ஒருவரை வைத்திருப்பதும் நஷ்டம். ஆக, இரண்டாவது மாதிரிக்கும் ஒரு வரம்பு உண்டு. அவள் தாளில் அது இல்லை. வாங்குபவர் கை ஓங்கிய இந்தச் சந்தைக்கு மோனாப்சனி என்று பெயர். ஜோன் ராபின்சன் 1933-இல் எழுதிய புத்தகத்தால் பரவிய சொல் அது.

கடைசி ஸ்லைடுகளில் ஒரு நிஜச் சம்பவம் இருந்தது. 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக்கியது. பக்கத்துப் பென்சில்வேனியா மாற்றவில்லை. டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் இரு பக்கமும் 410 துரித உணவுக் கடைகளை, உயர்வுக்கு முன்னும் பின்னும் விசாரித்தார்கள். நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. சம்பளப் பட்டியல்களை வைத்து வேறு இருவர் அதை மறுத்தார்கள், சர்ச்சை நீண்டது. இவள் இதையும் மூன்றாவது மாதிரியாக எழுதிவைத்திருந்தாள். இது மாதிரி அல்ல, சாட்சி. ஓரத்தில் ஒரு வரி போதும்.

மறுபடி எழுதினாள். ஒவ்வொரு மாதிரிக்கும் மூன்றே வரி: தாங்கி நிற்கும் எடுகோள், முடிவு, எங்கே செல்லாது.

"ஒரு ஊருக்கு எது பொருந்தும்னு எப்படி மாமா கண்டுபிடிக்கிறது?"

"முதலாளி கூலியில பத்து ரூபா குறைச்சா, அடுத்த வாரமே எல்லாரும் வேற இடத்துக்குப் போயிடுவாங்களான்னு கேளு. போயிட்டா முதல் மாதிரி."

கொஞ்ச நேரம் யோசித்தாள். அவள் தோழியின் அம்மா வேலை பார்க்கும் தையல் கூடம் நினைவுக்கு வந்ததாம். "அங்க யாரும் போக மாட்டாங்க மாமா. அடுத்த யூனிட் பக்கத்து ஊர்ல இருக்கு, காலையில அந்தப் பக்கம் பஸ்ஸே கிடையாது."

இரண்டாவது மாதிரியின் எடுகோள் வரியில், "ஒரே ஆலை" என்பதற்குப் பக்கத்தில் "அல்லது பஸ் இல்லை" என்று சேர்த்துக்கொண்டாள்.