மணிக்கு 30 மில்லி

வயலில் கண்ணாடி விரியன் கடித்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவருக்கு விஷமுறிவு மருந்து ஏற்றியாகிவிட்டது; ரத்தமும் உறையத் தொடங்கிவிட்டது. ஆனாலும் ஒரு கண்டம் பாக்கி இருக்கிறது. அந்த விஷம் அடுத்த சில நாட்களுக்குள் சிறுநீரகங்களை முடக்கிவிடலாம். இதைத்தான் திடீர் சிறுநீரகப் பாதிப்பு என்கிறார்கள்.

இதை முதலில் காட்டுவது பெரும்பாலும் சிறுநீர்ப் பைதான். கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் சேர்ந்து உயர ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். சிறுநீர் அதற்கு முன்பே குறைந்துவிடும். அதனால் நர்ஸ் அதை மணிக்கொரு தரம் அளந்து எழுதுகிறார்.

நோயாளி 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு அரை மில்லி வீதம் மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும். குறிப்பேட்டில் 25, 18, 12 என்று இறங்கினால், டியூப் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். டியூபில் கோளாறு இல்லையென்றால் 6 மணி நேரம் முடியட்டும் என்று காத்திராமல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் வந்தாலும் அப்படித்தான்.

சிறுநீர் நின்ற பிறகு ஏற்றும் குளுக்கோஸ், சலைன் எல்லாம் உடம்பிலேயே தங்கும். ஒரே இரவில் எடை ஒரு கிலோ கூடினால், ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் தேங்கிவிட்டது என்று பொருள். மல்லாந்து படுக்க முடியாமல் மூச்சு வாங்கினால் நீர் நுரையீரலுக்குப் போய்விட்டது.

பொட்டாசியம் இப்படி முன்கூட்டிக் காட்டிக்கொடுக்காது. அளவு 6.5-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தடுமாறலாம். ஈசிஜியில் டி அலை கூர்மையாக எழும்பும். அப்போது போடும் கால்சியம் ஊசி இதயத்தைக் காக்குமே தவிர பொட்டாசியத்தைக் குறைக்காது. ‘சூடு தணியட்டும்’ என்று உறவினர்கள் கொண்டுவரும் இளநீரைத் தடுப்பதும் இதனால்தான். அதில் பொட்டாசியம் அதிகம்.

மருந்துக்கு அடங்காத பொட்டாசியம், மூச்சுத்திணறல், யூரியா ஏறி மயங்கும் நிலை ஆகியவற்றுக்கு டயாலிசிஸ் தேவைப்படும். கழுத்து அல்லது தொடைச் சிரையில் குழாய் செருகி, ரத்தத்தை வெளியே சுத்திகரித்துத் திருப்பி அனுப்புவார்கள். கழிவு சட்டென்று இறங்கினால் மூளை வீங்கும் ஆபத்து உண்டு என்பதால் முதல் முறை நேரத்தைக் குறைத்தே செய்வார்கள். நடுவில் கொட்டாவி, வியர்வை, குமட்டல் வந்தால் பிரஷர் இறங்குகிறது என்று அர்த்தம். நீர் எடுப்பதை நிறுத்தித் தலையைத் தாழ்த்திப் படுக்கவைக்க வேண்டும். பாம்புக்கடியில் ரத்தக்கசிவு பயம் இருப்பதால், குழாய் செருகிய இடத்தை அடிக்கடி பார்க்க வேண்டும். பின்னர் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் குழாய் வழியே கிருமி புகுந்திருக்கலாம்.

சில நாட்களிலோ வாரங்களிலோ சிறுநீர் திரும்பி, நாளைக்கு 3, 4 லிட்டர்கூடப் போகலாம். வீட்டார் நிம்மதியடையும் இந்த நேரத்திலும் அளப்பதை விடக் கூடாது. வடிகட்டியதைத் திரும்ப உறிஞ்சும் வேலை இன்னும் சீராகாததால் நீரோடு உப்பும் பொட்டாசியமும் வெளியேறி, நோயாளி வறண்டுபோவார். எல்லாருக்கும் சிறுநீரகம் முழுதாகத் தேறுவதும் இல்லை. வீடு திரும்பி 3 மாதம் கழித்து கிரியாட்டினினையும், சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் பார்த்தால்தான் மிச்சமிருக்கும் பாதிப்பு தெரியும்.