கிருமி இல்லாத இடுப்பு வலி

அடிவயிற்றிலும், ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடைப்பட்ட பகுதியிலும் மூன்று மாதங்களுக்கு மேல் மந்தமான வலி நீடிக்க, சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி எதுவும் தென்படாதபோது, ஆண்களுக்குப் பெரும்பாலும் 'புராஸ்டேட் அழற்சி' என்றும், பெண்களுக்குச் 'சிறுநீர்த் தொற்று' என்றும் பெயரிட்டு ஆன்டிபயாடிக் மாத்திரைகளே மீண்டும் மீண்டும் தரப்படுகின்றன. இத்தகையோர் பலரிடம் வலியின் ஊற்று தசையில் இருக்கிறது.

முன்புறப் பூப்பெலும்பிலிருந்து பின்புற வால் எலும்புவரை தொட்டில்போல் விரிந்து, சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் தாங்கும் தசைத்தொகுதியே இடுப்புத்தளம் எனப்படும். முன்னர் வந்துபோன தொற்று, நீண்ட கவலை, சிறுநீரை அடக்கும் பழக்கம் போன்றவற்றால் இத்தசை இறுகியே இருந்துவிட்டால், அதற்குள் இரத்த ஓட்டம் குறைந்து, வலி நரம்புகள் கூருணர்வு பெறுகின்றன. வலி வந்ததும் தசை மேலும் இறுகுவதால் அது ஒரு சுழலாகிவிடுகிறது. சிறுநீர் கழிக்கத் தசை தளர வேண்டுமாதலால், தாரை தயங்கித் தயங்கி வருவதும் இதனாலேயே.

மருத்துவர் கையுறையணிந்த விரலால் மலக்குடல் அல்லது யோனி வழியே இத்தசையை மெல்ல அழுத்தும்போது, நோயாளி நாள்தோறும் உணரும் அதே வலி எழுமானால், அது தசையையே சுட்டும் வலுவான தடயமாகும். அந்நிலையில் தசையை இறுக்கும் கீகல் பயிற்சி வலியைக் கூட்டக்கூடும். உதரவிதானம் தாழ்ந்து இடுப்புத்தளமும் தளரும்படி வயிறு விரிய மூச்சிழுப்பதும், பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் தசை முடிச்சுகளைத் தளர்த்துவதுமே பொருந்தும். எனினும் காய்ச்சலோ சிறுநீரில் இரத்தமோ காணப்பட்டால், தசையைக் காரணம் காட்டிக் காலம் தாழ்த்தாமல் உடனே பரிசோதிக்க வேண்டும்.