எட்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்க்கு ஒரு கடிதம்

நவம்பர் முதல் வாரத்தில் வங்கிக் கணக்கைப் பார்க்கும்போதுதான் பல சிறுவணிகர்களுக்கு அந்த அதிர்ச்சி வரும். தீபாவளிக்கு இணையத்தில் விளம்பரம் போட்டிருப்பார்கள். ஒரு நாளைக்கு ஐந்நூறு ரூபாய் என்று வரம்பு வைத்திருப்பார்கள். மாதம் பதினைந்தாயிரம் சொச்சம் போகும் என்று மனத்தில் ஒரு கணக்கு இருக்கும். கார்டிலிருந்து போயிருப்பதோ அதைப் போல இரண்டு மடங்கு. உடனே கோபமாக ஒரு மின்னஞ்சல் போகும்: "என் பணத்தை எடுத்துவிட்டீர்கள், திருப்பித் தாருங்கள்." இரண்டு நாளில் பதில் வரும்: "உங்கள் கணக்கைப் பரிசீலித்தோம், கட்டணங்கள் சரியாகவே உள்ளன." பெரும்பாலோர் அதோடு விட்டுவிடுகிறார்கள்.

நியாயமாகத் திரும்பவேண்டிய பணம் இப்படித்தான் கைவிட்டுப் போகிறது. அந்த மொத்தத் தொகைக்குள் நாம் கட்டவேண்டியதும் இருக்கும், கட்டவே வேண்டாததும் இருக்கும். இரண்டையும் பிரிக்காமல் கேட்டால், பதில் எழுதுபவர் சரியான பகுதியை மட்டும் பார்த்து "எல்லாம் சரி" என்று முடித்துவிட முடியும். பிரித்துக் கொடுத்துவிட்டால் அவர் அந்த ஒரு தொகைக்குப் பதில் சொல்லியாகவேண்டும். இதைக் கூகுள் விளம்பரக் கணக்கை வைத்து ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். கடையும் தொகைகளும் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டவை. கணக்கிடும் முறை மட்டும் நடப்பில் உள்ளது.

சென்னிமலையில் போர்வை, பெட்ஷீட் விற்கும் ஒரு கடை. உரிமையாளர் தினசரி பட்ஜெட்டாக 500 ரூபாய் வைத்திருக்கிறார். அக்டோபருக்கு 31 நாள், ஆக 15,500 ரூபாய் என்பது அவர் எதிர்பார்ப்பு. அக்டோபர் 1 முதல் நவம்பர் 1 வரை கார்டிலிருந்து போனது 28,674 ரூபாய். வித்தியாசம் 13,174. அவர் கை பரபரக்கிறது, இந்த 13,174-ஐத் திரும்பக் கேட்டு எழுத.

கொஞ்சம் பொறுக்கவேண்டும். "தினசரி பட்ஜெட்" என்பதைத் தளம் ஒரு நாளின் உச்சவரம்பாக எடுத்துக்கொள்வதில்லை. மாதம் முழுவதற்குமான சராசரியாக எடுத்துக்கொள்கிறது. தேடுபவர்கள் கூடுதலாக இருக்கும் நாளில் அந்தத் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை செலவழிக்கும், மந்தமான நாளில் குறைத்துக்கொள்ளும். மாதத்துக்கான வரம்பு, தினசரி பட்ஜெட்டை 30.4-ஆல் பெருக்கி வரும் தொகை. ஆண்டின் 365 நாளைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பகிர்ந்தால் கிடைக்கும் சராசரி அது. நம் கடைக்கு அது 15,200 ரூபாய். அக்டோபர் 4 அன்று 980 ரூபாய் செலவானதைப் பார்த்து அவர் திடுக்கிட்டிருக்கலாம். ஆனால் அது ஆயிரத்துக்குள் இருப்பதால் விதிப்படி சரி. அவர் வைத்திருந்த விளம்பரத்துக்கு அந்த மாதம் மொத்தம் ஆனது 14,950. இதுவும் வரம்புக்குள். இதை எதிர்த்துக் கடிதம் எழுதினால் தோற்பது உறுதி.

அடுத்து, அக்டோபர் 1 அன்று கார்டிலிருந்து போன தொகை. தானியங்கிக் கட்டண முறையில் விளம்பரம் முதலில் ஓடும், பணம் பிறகு எடுக்கப்படும். நிலுவை ஒரு குறிப்பிட்ட அளவைத் தொட்டாலோ, மாதத்தின் முதல் தேதி வந்தாலோ, எது முந்துகிறதோ அப்போது கார்டில் கைவைப்பார்கள். ஆக அக்டோபர் 1 அன்று போனது செப்டம்பர் கடைசி நாட்களின் செலவு, 1,850 ரூபாய். விளம்பரத்தை நிறுத்திய பிறகும் பணம் எடுக்கப்பட்டது என்று பலர் பதறுவதற்கும் இதுவே காரணம். நிறுத்துவதற்கு முன் ஆன செலவுக்கான பணம் நிறுத்திய பிறகு போகிறது.

இவற்றின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. விளம்பரக் கணக்கின் திரையில் தெரியும் செலவில் இந்த வரி சேர்ந்திருக்காது, வங்கியிலிருந்து போகும் தொகையில் சேர்ந்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு ஒருபோதும் கணக்கு நேராகாது.

செப்டம்பர் பாக்கி 1,850, அக்டோபர் செலவு 14,950, சேர்த்து 16,800. வரியோடு 19,824. கார்டிலிருந்து போன 28,674-இல் இதைக் கழித்தால் நிற்பது 8,850 ரூபாய். வரியை நீக்கினால் 7,500. எதனாலும் விளக்க முடியாத தொகை இதுதான். இனி இதன் பின்னால் மட்டும் போகவேண்டும்.

விளம்பரக் கணக்கில் Change history என்ற பக்கம் உண்டு. யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எதை மாற்றினார்கள் என்ற பதிவு அங்கே இரண்டு ஆண்டுகளுக்கு இருக்கும். இந்தச் சண்டையில் இதைவிட வலுவான சாட்சி கிடையாது, ஏனென்றால் இது தளமே எழுதிவைத்த ஏடு. நம் கடைக்காரர் அங்கே பார்க்கிறார். அக்டோபர் 18 இரவு 11.52-க்கு அவருக்குத் தெரியாத ஒரு மின்னஞ்சல் முகவரி நிர்வாகியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. 19 அதிகாலை 2.14-க்கு அந்த முகவரியிலிருந்து புதிய விளம்பரத் தொகுப்பு ஒன்று, தினசரி 2,500 ரூபாய் பட்ஜெட்டில். 19-ஆம் தேதி 3,400, 20-ஆம் தேதி 4,100, மொத்தம் 7,500. விளம்பரத்தைத் திறந்து பார்த்தால் அதில் போர்வை இல்லை. அழுத்தினால் போவது அவருடைய இணையதளத்துக்கும் இல்லை. யாரோ உள்ளே புகுந்து, அவர் கார்டில் தங்கள் சரக்கை விளம்பரப்படுத்தியிருக்கிறார்கள்.

நேரத்தைக் குறிக்கும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும். கணக்கு எந்த நாட்டு நேரத்தில் அமைக்கப்பட்டிருக்கிறதோ, அந்த நேரத்தில்தான் பதிவுகள் இருக்கும். வெளியூர் ஆள் யாராவது கணக்கைத் திறந்து கொடுத்திருந்தால் அது அமெரிக்க மேற்குக் கரை நேரத்திலும் இருக்கலாம். அப்படியானால் நமக்கு 19 அதிகாலை 2.14 ஆக இருப்பது அங்கே 18 பிற்பகல் 1.44. தேதியே மாறிப்போகும். கடிதத்தில் எந்த நேரம் என்பதைச் சொல்லாவிட்டால், நாம் சொன்ன நாளில் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று ஒரு வரியில் மறுத்துவிடுவார்கள்.

எழுத உட்காருமுன் வீட்டுக் கதவைப் பூட்டவேண்டும். Access and security பக்கத்தில் அந்த அந்நிய முகவரியை நீக்கி, கடவுச்சொல்லை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, புதிய விளம்பரத்தை நிறுத்தவேண்டும். நிறுத்தினால் போதும், அழிக்கவேண்டாம். அதன் விவரங்கள் கண்முன் இருப்பது நமக்கு நல்லது. எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படம் எடுத்துவைக்கவேண்டும். உதவி எண்ணைத் தேடுபொறியில் தேடி அழைப்பது ஆபத்து, போலிகள் அங்கேதான் காத்திருக்கிறார்கள். கணக்குக்குள் இருக்கும் உதவிப் பகுதி வழியாகவே புகாரைத் தொடங்கி, கிடைக்கும் புகார் எண்ணோடு மின்னஞ்சலில் தொடரலாம்.

இனி கடிதம். பொதுவாக ஆங்கிலத்தில் எழுதுவார்கள். உள்ளடக்கம் இப்படி இருந்தால் போதும்:

"பொருள்: அனுமதியற்ற விளம்பரச் செலவு ரூ. 8,850, அக்டோபர் 19, 20. வாடிக்கையாளர் எண், புகார் எண் கீழே.

ஐயா / அம்மா,

அக்டோபர் 1 முதல் நவம்பர் 1 வரை என் கார்டிலிருந்து ரூ. 28,674 எடுக்கப்பட்டது. இதில் ரூ. 19,824-ஐ நான் ஏற்கிறேன். அது என் பெட்ஷீட் விளம்பரத்துக்கு ஆன செலவும் செப்டம்பர் நிலுவையும் அவற்றுக்கான ஜிஎஸ்டியும். மீதி ரூ. 8,850-ஐ (செலவு 7,500, ஜிஎஸ்டி 1,350) ஏற்கவில்லை.

காரணம்: அக்டோபர் 18 இரவு 11.52-க்கு என் அனுமதியின்றி ஒரு பயனர் சேர்க்கப்பட்டார். 19 அதிகாலை 2.14-க்கு அந்தப் பயனர் புதிய விளம்பரத் தொகுப்பை உருவாக்கினார். நேரங்கள் இந்திய நேரப்படி, என் கணக்கின் அமைப்பும் அதுவே. அந்த விளம்பரம் என் இணையதளத்துக்குச் செல்லவில்லை, என் பொருளையும் காட்டவில்லை. 19 அன்று ரூ. 3,400, 20 அன்று ரூ. 4,100 செலவானது. 20 மாலை 6.40-க்கு நான் அதைக் கண்டு நிறுத்தினேன், பயனரை நீக்கினேன்.

இணைப்பு: மாற்றங்களின் பதிவு, இரு நாள் செலவு அறிக்கை, அந்த விளம்பரத்தின் படம், அக்டோபர் விலைப்பட்டியல்.

கோரிக்கை: ரூ. 8,850 எந்தக் கார்டிலிருந்து எடுக்கப்பட்டதோ அதற்கே திரும்பவேண்டும். மறுப்பதானால், மேலே உள்ள எந்தத் தேதி அல்லது தொகை உங்கள் பதிவோடு ஒத்துப்போகவில்லை என்பதைக் குறிப்பிடவும்."

இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது "இதில் ரூ. 19,824-ஐ நான் ஏற்கிறேன்" என்ற வாக்கியம். எழுதுபவர் வரம்பு விதியைப் படித்தவர், வரியைக் கணக்கிட்டவர், கட்டவேண்டியதைத் தட்டிக்கழிக்காதவர் என்பதை அந்த ஒரு வரி காட்டிவிடுகிறது. கடைசி வரியும் வீண் அல்ல. அச்சடித்த பதிலை அனுப்புவதை அது கடினமாக்குகிறது. கார்டு எண்ணைக் கடிதத்தில் எங்கேயும் எழுதவேண்டாம், கடைசி நான்கு இலக்கம் தாராளம்.

பணம் திரும்பும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது; முடிவு தளத்தின் விசாரணையில்தான். குறிப்பாக ஒரு நிலைமையில் கை விரித்துவிடுவார்கள். மாற்றத்தைச் செய்தவர் நாமே முன்பு உள்ளே விட்ட ஆளாக இருந்தால், அதாவது விளம்பரம் பார்த்துக்கொள்ள அமர்த்திய தம்பியோ, வேலையை விட்டுப்போன ஊழியரோ என்றால், தளத்தின் பார்வையில் அது அனுமதி பெற்ற செலவு. அந்தத் தகராறு நமக்கும் அவருக்கும் இடையில். அதனால்தான் பதிவில் உள்ள மின்னஞ்சல் முகவரியைப் பழைய பயனர்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே "அனுமதியற்ற" என்ற சொல்லை எழுதவேண்டும்.

இன்னொரு வழியை அவசரத்தில் பலர் பிடிக்கிறார்கள்: நேராக வங்கிக்குப் போய், கார்டு கட்டணத்தை மறுத்துத் திரும்பப் பெறும் சார்ஜ்பேக். வங்கிக்கு 7,500 எது, 14,950 எது என்று தெரியாது. ஒரு தவணைக்குள் இரண்டும் கலந்திருக்கும். கட்டணம் மறுக்கப்பட்டதும் தளம் விளம்பரக் கணக்கையே முடக்கக்கூடும், பண்டிகை விற்பனை நின்றுவிடும். தளத்தோடு பேசி முடிவு தெரிந்த பிறகு யோசிக்கவேண்டிய வழி அது.

பணம் திரும்பினால், எந்த உருவில் வந்தது என்று பார்க்கவேண்டும். சில சமயம் கார்டுக்கு வராமல் விளம்பரக் கணக்கிலேயே வரவாக வைக்கப்படும். அடுத்த மாதச் செலவில் கழியும். Transactions பக்கத்தில் அது தனி வரியாகத் தெரியும். ஜிஎஸ்டி எண்ணைக் கணக்கில் பதிந்து உள்ளீட்டு வரி வரவு எடுத்திருப்பவர், திரும்பிய 1,350 ரூபாயைத் தன் கணக்காளரிடம் மறக்காமல் சொல்லவேண்டும். வந்தது 7,500 மட்டும் என்றால் அதே மின்னஞ்சல் தொடரில், அதே புகார் எண்ணில், வரித் தொகை விடுபட்டிருக்கிறது என்று ஒரே வரியில் எழுதிக் கேட்கலாம்.