ஒரே வேலைக்கு இரண்டு மணிக்கணக்கு

கோவையில் மோட்டார் பம்ப் செய்யும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். அடுத்த மாதம் சிறிய பம்ப் 2,400, பெரிய பம்ப் 1,440 செய்ய வேண்டும் என்கிறது உற்பத்தித் திட்டம். இதற்குக் கடைசல் பிரிவில் எத்தனை மணி நேரம் வேண்டும்?

எண்ணிக்கையை நிர்ணய நேரத்தால் பெருக்கிவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் வார்ப்புக்குள் இருக்கும் காற்றுத் துளை, லேத்தில் சீவிய பிறகுதான் வெளியே தெரியும். அதற்குள் நேரம் செலவாகிவிட்டது. நூற்றுக்கு நான்கு இப்படிக் கழிந்தால், 2,400 நல்ல கேசிங் கிடைக்க 2,500 கடைய வேண்டும், 1,440-க்கு 1,500. சிறியதற்கு 15 நிமிடம், பெரியதற்கு 24 நிமிடம் என்றால் 625-உம் 600-உமாக 1,225 மணி. நூறு நூறாக லாட் போட்டால் 40 முறை செட்டிங் மாற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 2 மணி என்றால் இன்னும் 80. மொத்தம் 1,305 இயந்திர மணி.

இருப்பதோ நான்கு சி.என்.சி. லேத். இரண்டு ஷிப்ட், 25 நாள் என்றால் 1,600 மணி வருகிறது. பழுதும் மின்தடையும் போக எண்பது சதவீதம் ஓடினால் 1,280. ஆக, 25 மணி குறைகிறது. மாதம் தொடங்கும் முன்பே இது தெரிவதுதான் பட்ஜெட்டின் பயன். லாட்டை 250 ஆக்கினால் செட்டிங் 16 தடவைதான், 32 மணி. மொத்தம் 1,257-க்கு இறங்கி, திட்டம் அடங்கிவிடும். ஆனால் ஒரே ரகம் மொத்தமாகக் கடையப்பட்டு, அசெம்பிளிக்குப் போகும் வரை குவிந்து கிடக்கும். அதில் முடங்கும் பணத்தையும் முதலாளி பார்த்தாக வேண்டும்.

ஆள் மணி தனிக் கணக்கு. ஓர் ஆபரேட்டர் இரண்டு லேத்தைப் பார்த்துக்கொள்கிறார். அதனால் 1,225 இயந்திர மணிக்கு 612.5 ஆள் மணியே ஆகும். செட்டிங்குக்கோ ஒரு லேத்துக்கு ஓர் ஆள் முழுதாக நிற்க வேண்டும். அந்த 32 மணி அப்படியே சேர்ந்து 644.5 ஆகிறது. மாதம் 200 மணிக்குக் கூலி வாங்குபவர், விடுப்பும் காத்திருப்பும் போக 160 மணி கடைகிறார் என்று வைத்தால், நான்கு பேருக்கு 640. மிச்சம் 4.5 மணி ஓவர்டைம். அதற்குச் சட்டப்படி இரட்டைக் கூலி.

இந்த 160-ஐப் போடும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். 15 நிமிட நிர்ணய நேரத்திலேயே களைப்புக்கும் தண்ணீர் குடிக்கவும் சலுகை சேர்ந்திருந்தால், அதை இங்கே மறுபடி கழிக்கக்கூடாது. கழித்தால் தேவையில்லாத ஐந்தாவது ஆளைப் பட்ஜெட் கேட்கும்.

நிர்ணய நேரம் பழையதாகிவிட்டதா என்பதை ஷிப்ட் பதிவேடு காட்டிக்கொடுக்கும். கடைந்த எண்ணிக்கையை நிர்ணய நேரத்தால் பெருக்கி, செட்டிங் போக லேத் ஓடிய மணியோடு ஒப்பிடுங்கள். ஓடியது மாதாமாதம் ஒரே அளவு குறைவாக வந்தால், புதிய கட்டிங் டூல் நேரத்தைக் குறைத்திருக்கலாம். ஸ்டாப்வாட்ச் வைத்து மறுபடி அளந்து, அந்த நேரத்தை வைத்தே அடுத்த பட்ஜெட்டைப் போட வேண்டும்.